ஒரே ரிங்கில் நிற்கும் வெளிநாட்டு அழைப்பு: திருப்பி அழைத்தால் பணம் எங்கே போகிறது?

மன்னார்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகள் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறாள். இரவு 2.10-க்குத் தலைமாட்டில் இருந்த கைபேசி ஒரே ஒரு முறை மணியடித்து நின்றுவிடுகிறது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால் திரையில் +1 என்று தொடங்கும் ஓர் எண். மகளின் எண்ணும் +1 என்றுதான் தொடங்கும். அந்த நேரத்தில் அங்கே பிற்பகல் என்பதும் அவருக்குத் தெரியும். வேறு யாருடைய கைபேசியிலிருந்தோ அவசரமாகக் கூப்பிட்டிருப்பாளோ என்ற பதற்றத்தில் அந்த எண்ணைத் தொட்டுத் திருப்பி அழைக்கிறார். +1-க்கு அடுத்து இருந்த 473 என்ற மூன்று இலக்கங்களை அவர் கவனிக்கவில்லை. அந்த மூன்று இலக்கங்கள் நியூஜெர்சியைக் குறிப்பவை அல்ல; கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா என்ற தீவு நாட்டைக் குறிப்பவை.

ஆசிரியர் கற்பனை மனிதர். இலக்கங்கள் கற்பனை அல்ல. இந்த மோசடிக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் 'வாங்கிரி'. ஜப்பானிய மொழியில் 'வான்' என்றால் ஒன்று, 'கிரி' என்றால் வெட்டுதல். ஒரு மணியில் துண்டித்துவிடுவது என்று பொருள். 2000-க்குப் பிந்தைய தொடக்க ஆண்டுகளில் ஜப்பானில் இது பெருந்தொல்லையாக வளர்ந்து, 2002-ல் அங்கே தண்டனைச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அங்கே அது உள்நாட்டு எண்களைக் கொண்டு நடந்தது. எல்லை தாண்டிய பிறகுதான் அழைப்புக் கட்டணத்தையே வருமானமாக மாற்றும் இன்றைய வடிவம் பரவியது.

நம் ஊரில் மிஸ்டு கால் என்பது ஒரு செய்தி

இந்த வலையில் நாம் எளிதில் விழுவதற்கு நம்முடைய பழக்கமே ஒரு காரணம். இந்தியாவில் 2003-ல் உள்வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்ற முறை வந்த பிறகு, காசு செலவில்லாமல் சேதி சொல்ல மிஸ்டு கால் ஒரு தனி மொழியாகவே ஆகிவிட்டது. ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு என்போம். பேலன்ஸ் இல்லாத தம்பி ஒரு ரிங் விட்டால், அண்ணன் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். வங்கியில் இருப்புத் தெரிந்துகொள்வதற்கும் கட்சியில் உறுப்பினர் ஆவதற்கும்கூட மிஸ்டு கால் எண்கள் வந்தன. ஆகவே நம் காதில் ஒரே ரிங்கில் நிற்கும் அழைப்பு, தவறாக வந்ததாகத் தோன்றுவதில்லை. 'நீ கூப்பிடு' என்ற வேண்டுகோளாகவே விழுகிறது. கூப்பிடாமல் இருப்பது மரியாதைக் குறைவு என்றுகூட மனம் சொல்லும்.

இதன்மேல் வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டின் கவலையும் சேர்ந்துகொள்கிறது. அழைப்பு பெரும்பாலும் அகால வேளையில் வருவதற்கு இதுதான் காரணம். 2019 மே மாதம் அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நியூயார்க், அரிசோனா மாநிலங்களில் பலருக்கு நள்ளிரவில், அடுத்தடுத்து, ஒரே மணியில் நிற்கும் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. பலவற்றில் தெரிந்தது 222 என்ற மொரிட்டானியா நாட்டின் குறியீடு. மேற்கு ஆப்பிரிக்காவில் நமக்கு யாரும் இல்லை என்று பகலில் தெளிவாகத் தெரியும் ஒருவருக்கே, தூக்கக் கலக்கத்தில் மூன்றாவது முறையாக அதே எண் வரும்போது 'யாரோ எதற்கோ தவிக்கிறார்கள்' என்று தோன்றிவிடுகிறது.

பணம் போகும் வழி

அழைக்கும் பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. ஒரு கணினி ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறது. எதிர்முனையில் எடுக்கப்படாத அழைப்புக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது என்பதால், மணி ஒலித்தவுடன் துண்டித்துவிட்டால் மோசடிக்காரருக்கு ஏறக்குறைய செலவே இல்லை. உங்கள் எண் கசிந்துதான் வந்தது என்றும் எண்ண வேண்டாம். பத்து இலக்கங்களை வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் என்றாவது உங்கள் எண்ணும் வந்துதான் தீரும்.

வருமானம் உங்கள் அழைப்பில்தான் பிறக்கிறது. நீங்கள் ஒரு வெளிநாட்டு எண்ணை அழைத்தால், உங்கள் நிறுவனம் உங்களிடம் ஐ.எஸ்.டி. கட்டணம் வாங்கி, அதில் ஒரு பகுதியை இடையில் அழைப்பைக் கடத்தும் நிறுவனத்துக்கும், கடைசியில் அதைப் பெற்றுக்கொள்ளும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு இந்தக் கடைசித் தொகை மிகக் குறைவு. சில சிறிய நாடுகளுக்கும், செயற்கைக்கோள் தொலைபேசி எண்களுக்கும் அது மிக அதிகம். அப்படிப்பட்ட எண் தொகுதிகளைக் குத்தகைபோல எடுத்து, வந்து விழும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பங்கு பிரித்துக்கொள்ளும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். மோசடிக்காரருக்குப் போவது அந்தப் பங்குதான். பல நேரங்களில் அழைப்பு அந்த நாட்டின் மண்ணைத் தொடுவதே இல்லை. வழியிலேயே வேறு ஏதோ நாட்டின் கணினி ஒன்று அதை வாங்கிக்கொள்ளும். ஆகவே அந்த நாட்டு மக்களைத் திட்டுவதில் பொருளில்லை.

நிமிடத்துக்குத்தான் பணம் என்பதால் உங்களை இணைப்பில் நிறுத்திவைப்பதே அவர்களது தொழில். பாட்டு, 'காத்திருக்கவும்' என்ற பதிவு, புரியாத மொழியில் ஒரு குரல் என்று ஏதாவது ஓடும். இவற்றில் மிகவும் தந்திரமானது, வெறும் மணியோசையைப் பதிவுசெய்து ஒலிக்கவிடுவது. இன்னும் எடுக்கவில்லை என்று நினைத்து நீங்கள் காதில் வைத்துக்கொண்டே இருப்பீர்கள். அழைப்போ முதல் நொடியிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எதிர்முனை எடுத்த பிறகே கைபேசித் திரையில் 00:01, 00:02 என்று நேரம் ஓடத் தொடங்கும். காதில் மணியடிக்கிறது, திரையில் நேரமும் ஓடுகிறது என்றால், கட்டணமும் ஓடுகிறது என்று பொருள்.

ஒரு கணக்கு

மன்னார்குடி ஆசிரியரிடம் திரும்புவோம். அவரிடம் இருப்பது ஐ.எஸ்.டி. திறந்திருக்கும் போஸ்ட்பெய்டு இணைப்பு. மகளிடம் பேச நிமிடத்துக்குச் சில ரூபாய்தான் ஆகும் என்பது அவருக்குப் பழக்கம். ஆனால் கட்டணப் பட்டியல் +1 என்பதோடு நிற்பதில்லை; எண்ணின் முன்பகுதியில் எத்தனை இலக்கங்கள் பொருந்துகின்றனவோ அத்தனையையும் பார்த்தே கட்டணம் முடிவாகும். +1 மட்டும் பொருந்தினால் அமெரிக்கக் கட்டணம். +1 473 பொருந்தினால் கிரெனடாவின் கட்டணம். அது நிமிடத்துக்கு 90 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உண்மைத் தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

முதல் அழைப்பில் மணியோசை மட்டும் கேட்டு 1 நிமிடம் 10 நொடியில் வைத்துவிடுகிறார். கவலை தீராமல் மீண்டும் அழைக்கிறார். இம்முறை ஏதோ பெண்குரல் பேச, 'யாரம்மா, சத்தமாகச் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொண்டே 4 நிமிடம் 20 நொடி இருந்துவிடுகிறார். 60 நொடிக்கு ஒரு பல்ஸ் என்ற கணக்கில் முதல் அழைப்பு 2 பல்ஸ், இரண்டாவது 5 பல்ஸ். ஏழு பல்ஸுக்கு 630 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 113 ரூபாய் 40 காசு, ஆக மொத்தம் 743 ரூபாய் 40 காசு. குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை அல்ல என்பது உண்மை. பெரும்பாலோர் புகார் செய்யாமல் விட்டுவிடும் அளவுக்குச் சிறியதாக இருப்பதே இந்தத் தொழிலுக்கு வசதி. கட்டணம் இதைவிடப் பல மடங்காக இருக்கும் எண்களும் உண்டு. மறந்துபோய் அழைப்பைத் துண்டிக்காமல் கைபேசியைக் கீழே வைத்தவருக்கு வரும் பில் வேறு கதை.

ப்ரீபெய்டில் இழப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. அன்லிமிடெட் திட்டங்களில் அடங்குவது உள்நாட்டு அழைப்பு மட்டுமே, ஐ.எஸ்.டி.க்கான பணம் மெயின் பேலன்ஸிலிருந்து போகும். அதில் 20 ரூபாய் இருந்தால் அந்த 20 ரூபாயோடு இணைப்பு அறுந்துவிடும்.

முதல் படி: எண்ணைப் படியுங்கள்

மிஸ்டு காலைப் பார்த்ததும் முதலில் அது எந்தச் செயலியின் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மிஸ்டு கால் என்றால் இந்த மோசடி அல்ல. வாட்ஸ்அப்பில் திருப்பி அழைப்பதற்கு ஐ.எஸ்.டி. கட்டணம் கிடையாது. அங்கே தெரியாத வெளிநாட்டு எண்களிலிருந்து வருவது பெரும்பாலும் பகுதிநேர வேலை, முதலீடு என்று பேச்சுக்கொடுக்கும் வேறு வகை ஏமாற்று. அதையும் கண்டுகொள்ளாமல் விடுவதே நல்லது.

சாதாரண அழைப்புப் பட்டியலில் இருந்தால், + குறிக்கு அடுத்த இலக்கங்களை நிதானமாகப் படியுங்கள். 91 என்றால் நம் நாடு. அது அல்லாத எதுவும் ஐ.எஸ்.டி. வளைகுடாவில் உறவினர் இருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துக் குறியீடுகள் கண்ணை ஏமாற்றும். குவைத் 965, சவூதி 966, ஓமன் 968. ஆனால் 960 மாலத்தீவு, 963 சிரியா, 967 ஏமன். +1-க்குப் பின்னால் அமெரிக்காவும் கனடாவும் மட்டுமில்லை, கரீபியன் நாடுகள் பலவும் இருக்கின்றன: 473 கிரெனடா, 876 ஜமைக்கா, 809 டொமினிகன் குடியரசு, 284 பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், 649 டர்க்ஸ் கைகோஸ் தீவுகள். இந்த நாடுகளிலிருந்து வரும் அழைப்பெல்லாம் மோசடி என்று கொள்ளக் கூடாது. உங்களுக்கு அங்கே யாரும் இல்லை என்பதுதான் இங்கே தேவையான தகவல்.

திரையில் தெரியும் எண் அழைத்தவருடையதுதான் என்பதற்கும் உறுதி இல்லை. அதைப் போலியாகக் காட்ட முடியும். மோசடிக்காரருக்கு வேண்டியது நீங்கள் திருப்பி அழைக்கப்போகும் எண் மட்டுமே.

இரண்டாம் படி: அந்த எண்ணைத் தொடாமல் விசாரியுங்கள்

கவலையாக இருந்தால், மிஸ்டு கால் எண்ணை விட்டுவிட்டு, பிள்ளையின் வழக்கமான எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அழையுங்கள் அல்லது ஒரு வரி எழுதுங்கள். உண்மையில் தேவை இருப்பவர் ஒரு ரிங்கோடு நிறுத்தமாட்டார். நீண்ட நேரம் மணியடிக்க விடுவார், குறுஞ்செய்தி அனுப்புவார், வேறு யார் மூலமாவது சொல்லி அனுப்புவார். அதே எண் மீண்டும் அழைக்கும்போது எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவுக்குள் இருந்தால் எடுப்பதற்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் ரோமிங்கில் இருந்தால் மட்டும் உள்வரும் அழைப்புக்கும் பணம் போகலாம். எண்ணை பிளாக் செய்வதில் தவறில்லை, ஆனால் அடுத்த அழைப்பு வேறு எண்ணிலிருந்துதான் வரும் என்பதால் அதை ஒரு பாதுகாப்பாக நம்ப வேண்டாம். அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை நீக்கிவிடுவது அதைவிடப் பயனுள்ளது. வீட்டில் குழந்தையோ பெரியவரோ தவறுதலாகத் தொட்டுவிடும் வாய்ப்பு அதோடு போகும்.

மூன்றாம் படி: ஐ.எஸ்.டி.யை மூடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த ஒரு படியைச் செய்துவிட்டால் மற்றவை மறந்துபோனாலும் பாதகமில்லை. வெளிநாட்டுப் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடக்கும் வீடுகளில் ஐ.எஸ்.டி. வசதி திறந்து கிடப்பதால் எந்தப் பயனும் இல்லை. அதை மூடினால் வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு எந்தத் தடையும் வராது, ஏனென்றால் அவை இணையத்தில் போகின்றன. வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு வரும் அழைப்புகளும் நிற்காது.

ப்ரீபெய்டு சிம்களில் வாடிக்கையாளர் வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய ஐ.எஸ்.டி.யைத் திறந்துவைக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-லேயே உத்தரவிட்டது. ஆனாலும் எப்போதோ ஒரு முறை பேக் போட்டபோது திறந்தது அப்படியே இருக்கலாம். உங்கள் நிறுவனத்தின் செயலியில் பாருங்கள், அல்லது கஸ்டமர் கேரை அழைத்து, 'என் எண்ணில் ஐ.எஸ்.டி. திறந்திருக்கிறதா, திறந்திருந்தால் மூடிவிடுங்கள்' என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். மூடியதாக வரும் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

நிறுவனம் அனுமதித்தால், கைபேசியிலிருந்தே தடுக்கும் குறியீடுகளும் உண்டு. முதல் வரி இப்போதைய நிலையைக் காட்டும்; இரண்டாவது நீங்கள் வெளிநாட்டுக்குச் செய்யும் அழைப்புகளைத் தடுக்கும்; மூன்றாவது தடையை நீக்கும்.

```
*#331#
*331*0000#
#331*0000#
```

0000 என்பது பல நிறுவனங்களில் தொடக்கக் கடவுச்சொல். உங்களுடையது வேறாக இருக்கலாம். அடுத்தடுத்து மூன்று முறை தவறாகப் போட்டால் இந்த வசதியே பூட்டிக்கொண்டுவிடும், பிறகு கஸ்டமர் கேர்தான் திறக்க வேண்டும். எனவே ஒரு முறை முயன்று பிழை வந்தால் நிறுத்திவிட்டு அவர்களிடமே கேட்பது நல்லது. இரண்டு சிம் உள்ள கைபேசியில் எந்த சிம்மிலிருந்து குறியீட்டை அனுப்புகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறந்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

ஏற்கெனவே அழைத்துவிட்டால்

உடனே துண்டித்துவிட்டு, உண்மையாகவே துண்டிக்கப்பட்டதா என்று திரையில் பாருங்கள். அழைப்புப் பட்டியலில் எண், நேரம், எத்தனை நிமிடம் என்பது தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ப்ரீபெய்டு என்றால் பேலன்ஸ் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். போஸ்ட்பெய்டு என்றால் பில் வரும்வரை காத்திருக்காமல் செயலியில் 'பில் ஆகாத தொகை' என்ற பகுதியைப் பாருங்கள். பிறகு 198 என்ற புகார் எண்ணை அழைத்து, புகார் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த கட்டமான மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியாது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், பெரும்பாலும் எளிதல்ல. அழைத்தது நீங்கள், இணைப்பு கிடைத்தது, நிறுவனமும் வெளிநாட்டுக்குத் தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்பதே பதிலாக வரும். உங்கள் தரப்பு வலுப்பெறும் இடம் ஒன்று உண்டு: நீங்கள் கேட்காமலேயே ஐ.எஸ்.டி. திறக்கப்பட்டிருந்தால், எந்தத் தேதியில், எந்த ஒப்புதலின்பேரில் திறந்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அழைப்பு வந்ததைத் தொலைத்தொடர்புத் துறையின் sancharsaathi.gov.in தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் தெரிவிக்கலாம். ஆனால் அது சந்தேக அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான இடம், பணத்தை மீட்டுத் தரும் இடம் அல்ல. அந்த எண்ணில் யாரோ பேசி, வங்கி விவரமோ ஓ.டி.பி.யோ வாங்கிவிட்டார்கள் என்றால், அது வேறு குற்றம். தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம்

+371, +375, +381 என்று ஒரு பட்டியலுடன், 'திருப்பி அழைத்தால் மூன்று நொடியில் உங்கள் தொடர்பு எண்களையும் வங்கி விவரங்களையும் நகலெடுத்துவிடுவார்கள்' என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. நீங்கள் ஒரு சாதாரண அழைப்பைச் செய்வதால் எதிர்முனைக்குப் போவது உங்கள் குரலும் உங்கள் எண்ணும்தான். கைபேசிக்குள் இருக்கும் எதையும் அந்த வழியாக எடுக்க முடியாது. திருப்பி அழைத்துவிட்ட பெரியவர் ஒருவர், இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, வங்கிக் கணக்கையே மூடக் கிளம்பினால் அது வீண் அலைச்சல். அதே செய்தியில் #90 என்று அழுத்தக் கூடாது என்றும் வரும். அது வெளி இணைப்புக்கு 9 அழுத்த வேண்டிய பழைய அலுவலகத் தொலைபேசிகளைப் பற்றிய கதை, கைபேசிக்குப் பொருந்தாது. கைபேசிக்கு உண்மையில் பொருந்துவது \*401\* என்று தொடங்கும் குறியீடு. யாராவது பேசி, அதன் பின்னால் ஒரு கைபேசி எண்ணைச் சேர்த்து அழுத்தச் சொன்னால், உங்களுக்கு வரும் அழைப்புகள் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். தொலைத்தொடர்புத் துறை 2024 ஜனவரியில் இதைப் பற்றி எச்சரித்தது. திருப்பி அழைத்தபோது எதிர்முனையில் குரல் ஏதும் இப்படி அழுத்தச் சொல்லி, அதை நீங்கள் செய்தும் இருந்தால், ##002# என்று அழுத்தி எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிட்டு, பிறகு பேலன்ஸைப் பாருங்கள்.